ஐந்து காலிப் பாக்கெட்டுக்கு ஒன்று இலவசம்

குளித்து முடித்த பிறகு ஷாம்பு பாக்கெட்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓரம் கிழிந்து, குளியலறை மூலையிலோ கிணற்றடியிலோ கிடக்கும். 1980களில் அந்தக் குப்பைக்கு ஒரு விலை வைத்தார் கடலூர்க்காரர் ஒருவர். எந்தக் கம்பெனியின் ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் சரி, காலியானதில் ஐந்தைக் கொண்டுவந்தால் ஒரு சிக் ஷாம்பு பாக்கெட் இலவசம். இதுதான் திட்டம்.

அவர் சி.கே. ரங்கநாதன். குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு தொழிலிலிருந்து விலகி, கையில் 15,000 ரூபாயோடு 1983இல் தனியாகத் தொழில் தொடங்கியவர். ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று முதலில் யோசித்த தன் தந்தை சின்னிகிருஷ்ணனின் நினைவாகத்தான் ‘சிக்’ என்று பெயர் வைத்தார். அந்த நிறுவனமே பின்னாளில் கெவின்கேர் ஆனது. ஆனால் சிக் சந்தைக்கு வந்தபோது, வெல்வெட்டை கோத்ரெஜ் நிறுவனம் முழு வேகத்தில் விற்றுக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் அதோடு போட்டி போட ரங்கநாதனிடம் பணமில்லை. இருந்தது ஷாம்பு மட்டும்தான். அதையே கொடுத்துப் பார்த்தார். யாருக்குக் கொடுப்பது என்று அவர் எடுத்த முடிவில்தான் விஷயம் இருக்கிறது.

அதே ஷாம்புவை ஒரு கூடையில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்று கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கை நீட்டியவர்களுக்கெல்லாம் போயிருக்கும். சீயக்காய் தவிர வேறெதையும் தலையில் வைக்காதவர் ஒன்று வாங்கியிருப்பார். ஏற்கெனவே சிக் வாங்குகிறவர் இரண்டு வாங்கி, அந்த வாரம் கடைக்குப் போகாமல் விட்டிருப்பார். சிறுவர்கள் மூன்று முறை வரிசையில் வந்திருப்பார்கள். மாலையில் கூடை காலியாகியிருக்கும். அதைப் பார்த்து வெற்றி என்று நினைக்கவும் தோன்றியிருக்கும்.

ஐந்து காலிப் பாக்கெட் என்ற நிபந்தனை இவர்கள் எல்லோரையும் ஒரு வார்த்தை பேசாமல் சலித்துவிடுகிறது. ஐந்து காலிப் பாக்கெட் வைத்திருக்கும் வீடு என்றால் அங்கே ஷாம்பு போடுகிற பழக்கம் இருக்கிறது. பாட்டிலாக இல்லாமல் பாக்கெட்டாக வாங்குகிற வீடு அது. அதற்காக ஐந்து முறை காசு கொடுத்த வீடு. சிக் வாங்கக்கூடியவர் யார் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தாலும் இதைவிடத் தெளிவான பட்டியல் கிடைக்காது. அந்தப் பட்டியலுக்கு ஆன செலவு, ஆளுக்கு ஒரு பாக்கெட் ஷாம்பு.

கொஞ்ச நாள் கழித்துத் திட்டத்தை மாற்றினார்கள். இனி எந்தக் கம்பெனிப் பாக்கெட்டும் செல்லாது. சிக் பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால்தான் ஒரு சிக் இலவசம். மேலோட்டமாகப் பார்த்தால் சின்னத் திருத்தம். உண்மையில் திட்டத்தின் வேலையே மாறிவிட்டது. முதல் கட்டம், சிக்கைத் தொட்டே பார்க்காதவரை ஒரு முறை போட்டுப் பார்க்கவைத்தது. இரண்டாம் கட்டம், போட்டுப் பார்த்தவரை ஐந்து முறை காசு கொடுத்து வாங்கவைத்தது. மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்கு ஏறியது என்று ரங்கநாதனே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசையை மாற்றிப் போட முடியாது. இரண்டாம் கட்டத்தை முதலில் வைத்தால், யார் வீட்டிலும் சிக்கின் காலிப் பாக்கெட் இருக்காது, ஒருவரும் வரமாட்டார்கள். முதல் கட்டத்தையே காலம் முழுக்க நீட்டினால் அது இன்னும் மோசம். போட்டிக் கம்பெனியின் ஐந்து பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஆறாவதை மட்டும் சிக்கிடம் இலவசமாக வாங்கிப் போகிறவர்கள் பெருகுவார்கள். அடுத்தவன் கடை வியாபாரத்துக்கு இங்கிருந்து பரிசு கொடுத்த கதையாகிவிடும். ருசி காட்டுகிற சலுகைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும் என்பது இதனால்தான்.

எப்போது முடிப்பது? திரும்பி வரும் மூட்டையே அதைச் சொல்லக்கூடியது. வரும் காலிப் பாக்கெட்டுகளில் சொந்தப் பெயர் கொண்டவை எத்தனை, மற்றவை எத்தனை என்று வாரம் ஒரு முறை பிரித்து எண்ணினால் போதும். சொந்தப் பாக்கெட்டின் பங்கு வாரா வாரம் ஏறினால், ருசி பார்த்தவர்கள் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். ஏறவே இல்லையென்றால், ஆட்கள் இலவசத்துக்கு மட்டும் வந்து போகிறார்கள். குறை சரக்கிலோ விலையிலோ இருக்கிறது. அப்போது இலவசத்தைக் கூட்டுவதில் பயனில்லை.

இந்தத் திட்டத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஷாம்பு என்பதையே அறியாத கிராமத்தில் காலிப் பாக்கெட்டுக்கு எங்கே போவது? அங்கே ரங்கநாதனின் ஆட்கள் வேறு வழி எடுத்தார்கள். கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவனை உட்காரவைத்துத் தலையில் ஷாம்பு போட்டு அலசிக் காட்டினார்கள். சுற்றி நின்றவர்களை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். பிறகு ரஜினிகாந்த் படங்களைத் திரையிட்டு, இடையில் விளம்பரம் காட்டி, செய்துகாட்டி, படம் முடிந்ததும் பாக்கெட்டுகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் விற்பனை மூன்று நான்கு மடங்கு உயர்ந்தது என்பது அவர் சொல்லும் கணக்கு. எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாதவர் கையில் பாக்கெட்டை மட்டும் திணித்திருந்தால், அது அலமாரியில் கிடந்து காலாவதியாகியிருக்கும்.

காய்கறிக் கடையில் கடைசியாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போடுவார்களே, அந்தக் கொசுறையும் இந்த மாதிரிப் பாக்கெட்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கொசுறு, வாங்கி முடித்தவருக்குக் காட்டும் நன்றி. மாதிரி என்பது இன்னும் வாங்காதவருக்குக் கொடுக்கும் கைமாற்று. திரும்பி வந்தாக வேண்டிய பணம். கைமாற்று கொடுப்பவர் யாருக்குக் கொடுத்தோம், எவ்வளவு, எப்போது திரும்பும் என்று எழுதிவைப்பார். இலவச மாதிரி கொடுக்கும் சிறு தொழில்காரர்களில் பெரும்பாலோர் இதை எழுதிவைப்பதில்லை. நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டிலேயே இட்லிப் பொடி அரைத்து விற்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் பாக்கெட் 100 ரூபாய். அதில் கடைக்காரருக்கு 20 ரூபாய். பருப்பு, மிளகாய், எள், பாக்கெட், கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்ந்து 50 ரூபாய். வரியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தால், பாக்கெட்டுக்கு 30 ரூபாய் நிற்கிறது. மாதிரிக் கணக்கு முழுவதும் இந்த 30 ரூபாயைச் சுற்றித்தான். விலை 100 ஆயிற்றே என்று 100ஐ மனதில் வைத்துக்கொண்டு மாதிரி கொடுக்கிறவர்களுக்குக் கடைசியில் கை கடிக்கும்.

அவர் ஒரு பெரிய மளிகைக் கடை வாசலில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மேசை போடுகிறார். 20 கிராம் கொண்ட 300 குட்டிப் பாக்கெட்டுகள், எல்லாம் இலவசம். ஒன்றுக்குப் பொடியும் உறையும் சேர்ந்து 7 ரூபாய், ஆக 2,100. மேசையில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு நாள் கூலி 1,500. மொத்தம் 3,600 ரூபாய். மாதிரி ஒன்றுக்கு 7 ரூபாய் என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது 12 ரூபாய். ஆள் கூலியைச் சேர்க்க மறப்பதுதான் எங்கும் நடக்கும் முதல் பிழை.

அந்தக் கடையில் வழக்கமாக வாரம் 20 பாக்கெட் போகும். மேசை போட்ட வாரத்தில் 45 போனது. கடைக்காரர் கைகுலுக்குகிறார். ஆனால் அடுத்த வாரம் 14தான் போகிறது. காரணம் எளிது. முதல் வாரம் வாங்கியவர்களில் பழைய வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் வாங்க இருந்ததை, மேசையைப் பார்த்ததும் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். ஆகவே கூடுதலாக விற்றது 25 இல்லை, 19. பாக்கெட்டுக்கு 30 வீதம் 570 ரூபாய். செலவான 3,600இல் 3,030 இன்னும் வெளியே நிற்கிறது.

அது திரும்புமா என்பது மூன்றாவது வாரத்திலிருந்துதான் தெரியும். விற்பனை வாரம் 23இல் நிலைத்தால், மாதிரியால் வந்த நிலையான லாபம் மூன்று பாக்கெட், அதாவது வாரம் 90 ரூபாய். 3,030ஐ மீட்க 34 வாரம், ஏறக்குறைய எட்டு மாதம் ஆகும். பழையபடி 20க்கே வந்து நின்றால் பணம் போனது போனதுதான். மேசை போட்ட அன்று எத்தனை விற்றது என்பதை வைத்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான். மேசை போடுவதற்கு முந்தைய நான்கு வாரமும், போட்ட பின் எட்டு வாரமும் எவ்வளவு விற்றது என்று எழுதிவைத்திருந்தால், கண் முன்னே விடை இருக்கும். அதே அளவு விற்கும் இன்னொரு கடையில் மேசை போடாமல் விட்டு, அதன் கணக்கையும் பக்கத்தில் எழுதினால் இன்னும் நல்லது. தீபாவளி வாரத்தில் எல்லாக் கடையிலும் ஏறிய விற்பனையை மாதிரியின் கணக்கில் எழுதிவிடாமல் அது காப்பாற்றும்.

இப்போது அதே மேசையைச் சற்று மாற்றிப் போடலாம். வாசலில் சூடாக இட்லித் துண்டு, மேலே நல்லெண்ணெயில் குழைத்த பொடி. இது இலவசம், ஆள் ஒன்றுக்கு 2 ரூபாய் ஆகிறது. சாப்பிட்டு, பிடித்திருக்கிறது என்பவருக்கு 20 கிராம் பாக்கெட் 10 ரூபாய்க்கு. அதன் காலிப் பாக்கெட்டைக் கொண்டுவந்தால் 200 கிராம் பாக்கெட்டில் 10 ரூபாய் தள்ளுபடி. பெரிய பாக்கெட் ஒன்றுக்கு ஒரு காலிப் பாக்கெட் மட்டுமே செல்லும்.

300 பேருக்கு இட்லித் துண்டு 600 ரூபாய், கூலி 1,500, மொத்தம் 2,100. குட்டிப் பாக்கெட்டில் 7 ரூபாய் அடக்கம், 2 ரூபாய் கடைக்காரருக்கு, 1 ரூபாய் மிச்சம். 70 பேர் வாங்கினார்கள் என்றால் 70 ரூபாய். அவர்களில் 25 பேர் காலிப் பாக்கெட்டோடு திரும்பி வந்தால், தள்ளுபடி போகப் பாக்கெட்டுக்கு 20 ரூபாய் வீதம் 500. வெளியே நிற்பது 1,530 ரூபாய், முன்னதில் பாதி. குட்டிப் பாக்கெட் எடுத்துப் போனவர்கள் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 10 ரூபாய் கொடுக்க மனம் வராதவர், அடுத்த மாதம் 100 ரூபாய் கொடுப்பார் என்று நம்ப இடமில்லை. அவர் இட்லியோடு விடைபெறுவதே இருவருக்கும் நல்லது. இன்னொன்று, இப்போது திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று ஊகிக்க வேண்டியதில்லை. கடையில் சேர்ந்த காலிப் பாக்கெட்டை எண்ணினால் போதும்.

குட்டிப் பாக்கெட்டின் எடையில் ஒரு பொறி இருக்கிறது. தாராளமாக இருக்கட்டும் என்று 10 ரூபாய்க்கு 30 கிராம் கொடுத்தால், கிராமுக்கு 33 பைசா ஆகிறது. பெரிய பாக்கெட்டில் கிராமுக்கு 50 பைசா. விவரமானவர்கள் பெரிய பாக்கெட்டை விட்டுவிட்டுக் குட்டிப் பாக்கெட்டாகவே வாங்குவார்கள். நம் ஊர் ஷாம்புவில் நடந்தது இதுதான். பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மில்லி விலை குறைவு என்பதால் வசதியானவர்களும் சரம் சரமாகப் பாக்கெட் வாங்குகிறார்கள். சிக்குக்கு அது பிரச்சினையாக இருக்கவில்லை, ஏனென்றால் அது விற்க நினைத்ததே பாக்கெட்டைத்தான். பெரியதை விற்க நினைப்பவர், சிறியதை அதைவிட மலிவாக வைக்கக் கூடாது. 20 கிராம் 10 ரூபாய் என்றால் இரண்டும் கிராமுக்கு ஒரே விலை.

20 கிராம் என்பதற்கும் காரணம் வேண்டும். ஒரு வீட்டில் நான்கு பேர் ஒரு வேளை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அது போதும். இரண்டாம் வேளைக்கு மிஞ்சாது. மாதிரி என்பது பிடித்ததா இல்லையா என்று முடிவெடுக்கும் அளவு இருக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால், வாங்க வேண்டிய தேவையையும் சேர்த்தே தீர்த்துவைத்தாகிவிடும். ஊறுகாய்க்கு ஒரு விரல் நுனி போதும். காபித் தூளுக்கு அது போதாது. அவரவர் பால், அவரவர் ஃபில்டர் என்பதால் வீட்டில் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தால்தான் தெரியும். முகத்துக்குப் பூசும் க்ரீமில் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்றால், ஒரு முறை பூசும் பாக்கெட்டால் எந்தப் பயனும் இல்லை. அங்கே மாதிரி கொடுப்பதைவிட, பிடிக்காவிட்டால் பணம் திருப்பித் தரப்படும் என்ற வாக்குறுதி மலிவாக முடியும்.

நாளும் முக்கியம். மாதச் சம்பளக் குடும்பங்கள் மளிகைப் பட்டியல் எழுதுவது ஒன்றாம் தேதியை ஒட்டி. பத்தாம் தேதி கொடுக்கும் மாதிரியை அவர்கள் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, பட்டியல் எழுதும்போது மறந்திருப்பார்கள். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கொடுத்தால் ருசி நாக்கில் இருக்கும்போதே பட்டியல் எழுதப்படும்.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் திட்டம் கவிழும் இடம் ஒன்று உண்டு: கல்லாப் பெட்டி. காலிப் பாக்கெட்டோடு வரும் அம்மாவுக்கு 10 ரூபாய் குறைத்துக் கொடுப்பவர் கடைக்காரர். அந்தப் பணம் அவருக்கு எப்போது வரும்? காலிப் பாக்கெட்டை எண்ணி, சேர்த்துவைத்து, கணக்குச் சொல்லும் வேலைக்கு அவருக்கு என்ன? இதற்குப் பதில் இல்லையென்றால், இரண்டாவது வாரத்தில் அவர் “அந்த ஸ்கீம் முடிஞ்சுபோச்சும்மா” என்று சொல்லிவிடுவார். பெயர் கெடுவது பொடிக்காரருக்கு. வாரம் ஒரு முறை போய்க் காலிப் பாக்கெட்டை எண்ணி வாங்கிக்கொண்டு, அங்கேயே பணத்தைக் கொடுத்து, பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுப்பவரின் திட்டமே ஓடும். மேசைக்குப் பக்கத்துத் தட்டில் 200 கிராம் பாக்கெட் அடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேரும். ருசி பார்த்தவர் உள்ளே போய்த் தேடிக் கிடைக்காமல், அதே தட்டில் இருக்கும் வேறு பெயரை எடுத்துப் போனால், 12 ரூபாய் செலவழித்தது அந்த வேறு பெயருக்காக.

மேசையில் எத்தனை வகை வைப்பது? பொடி விற்பவருக்குப் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டுப் பொடி என்று எல்லாவற்றையும் வரிசையாக வைக்கக் கை துடிக்கும். அமெரிக்காவில் மென்லோ பார்க் நகரில் உள்ள டிரேகர்ஸ் என்ற மளிகைக் கடையில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மேசையில் ஒரு நேரம் 24 வகை ஜாம், இன்னொரு நேரம் 6 வகை. ருசி பார்த்தவர் கையில் ஒரு டாலர் தள்ளுபடிக் கூப்பன். 24 வகை இருந்தபோது கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்றார்கள். 6 வகைக்கு 40 சதவீதம் பேர்தான். ஆனால் நின்றவர்களில் ஜாம் வாங்கியவர்கள், 24 வகையில் 3 சதவீதம். 6 வகையில் 30 சதவீதம்.

இதில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. எத்தனை வகை வைத்தாலும் ஒருவர் சராசரியாக ருசித்தது இரண்டைக்கூட எட்டவில்லை. மீதி எல்லாம் மேசையை அலங்கரித்தன, தீர்மானிப்பதைக் கடினமாக்கின. பின்னால் வேறு பொருள்களில் இதே சோதனையைச் செய்தவர்களுக்கு எல்லா இடத்திலும் இதே விடை கிடைக்கவில்லை. ஆகவே ஆறுதான் மந்திர எண் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கூட்டத்தின் அளவும் விற்பனையின் அளவும் ஒன்றையொன்று தொடர்வதில்லை என்பது மட்டும் அந்த இரண்டு மேசைகளிலும் பளிச்சென்று தெரிகிறது. கூப்பன் இருந்ததால்தான் அதை எண்ணவே முடிந்தது.

பொருளாக இல்லாமல் சேவையாக விற்பவர்களுக்கு மாதிரி என்பது நாள்களில் அளக்கப்படுகிறது. இதில் இந்தியா பார்த்த மிகப்பெரிய சோதனை, ஜியோ. 2016 செப்டம்பர் 5இல் தொடங்கிய இலவசச் சேவை, புத்தாண்டுச் சலுகை என்று நீட்டிக்கப்பட்டு 2017 மார்ச் 31 வரை ஓடியது. 2017 பிப்ரவரியில் 10 கோடிப் பேர் சேர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். அவர்களை ஒரே நாளில் மாதக் கட்டணத்துக்கு மாற்றச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? நடுவில் ஒரு படி வைத்தார்கள்: 99 ரூபாய் கட்டி பிரைம் உறுப்பினராகச் சேர்பவருக்குக் கட்டணம் மலிவு. மார்ச் முடிவில் 7.2 கோடிப் பேர் அந்த 99 ரூபாயைக் கட்டியிருந்தார்கள் என்றது நிறுவனம். பொடிக்காரரின் 10 ரூபாய்ப் பாக்கெட் செய்யும் வேலையும் அதுதான். சும்மா வாங்கிப் பழகிய கையை முதல் முறை பைக்குள் போகவைப்பது. ஆனால் ஏழு மாதம் இலவசமாகக் கொடுத்துத் தாங்கும் பண பலம் ரிலையன்ஸுக்கு இருந்தது என்பதை மறந்துவிட்டு அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ளக் கூடாது.

வாடிக்கையாளரின் மறதியை நம்பிப் போடும் திட்டங்கள் தனி ரகம். பிரிட்டனில் ஹூவர் நிறுவனம் 1992இல், 100 பவுண்டுக்குப் பொருள் வாங்கினால் அமெரிக்காவுக்குப் போய்வர இரண்டு விமானச் சீட்டு இலவசம் என்று அறிவித்தது. சீட்டின் மதிப்பு பொருளைவிடப் பல மடங்கு. படிவம் மேல் படிவம் நிரப்பச் சொன்னால் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. மக்கள் விடவில்லை. தேவையே இல்லாமல் வாக்குவம் கிளீனர் வாங்கிச் சீட்டுக்கு விண்ணப்பித்தார்கள். சுமார் 5 கோடி பவுண்டு செலவாகி, வழக்குகள் பல ஆண்டு இழுத்தன. 1995இல் ஹூவரின் ஐரோப்பியத் தொழில் இத்தாலியின் கேண்டி நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. இலவசம் பொருளைவிடப் பெரிதாக இருந்தால், வருகிறவர்கள் இலவசத்தின் வாடிக்கையாளர்கள். பொடி வாங்கினால் பொடியையே கூடுதலாகக் கொடுப்பது பாதுகாப்பு. எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தால் பாத்திரத்துக்குத்தான் கூட்டம் வரும்.

‘முதல் மாதம் இலவசம்’ என்று அட்டை எண்ணை வாங்கிவைத்துக்கொண்டு, நிறுத்த மறந்தவரிடம் பணம் எடுப்பதும் இதே மறதியை நம்பித்தான். இந்தியாவில் அந்த வழி குறுகிவிட்டது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். நிறுத்தும் வழியை ஒளித்துவைக்கும் சந்தாப் பொறியை, 2023 நவம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. ஆகவே இலவச நாள்கள் முடிவதற்குள் சேவை அவருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும். கணக்கு எழுதும் செயலி விற்பவர், பத்து நாளில் கடைக்காரர் தன் கடன் புத்தகத்தை அதில் ஏற்றிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். ஏற்றியிருந்தால் அவர் தொடர வாய்ப்பு அதிகம். திறந்தே பார்க்காதவருக்கு இலவசத்தை இன்னும் ஒரு மாதம் நீட்டுவதைவிட, ஒருவர் போய் உட்கார்ந்து முதல் பத்துப் பெயரை ஏற்றிக் கொடுப்பது மேல்.

மேலே ஒதுக்கிவைத்த வரிக்கு இப்போது வரலாம். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர்கள், மூலப்பொருளுக்கும் உறைக்கும் கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். சட்டத்தின் 17(5) பிரிவு, இலவச மாதிரியாகக் கொடுத்த சரக்குக்கு இந்தக் கழிவு கிடையாது என்கிறது. ஆனால் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதை, ஒரு விலைக்கு விற்ற இரண்டு பொருளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2019 மார்ச்சில் வந்த சுற்றறிக்கை தெளிவாக்கியது. அங்கே கழிவு உண்டு. சும்மா கொடுத்த 300 பாக்கெட்டும், 10 ரூபாய்க்கு விற்ற 70 பாக்கெட்டும் கணக்கர் மேசையில் வேறு வேறு பக்கத்தில் போய் உட்காரும். திட்டம் போடும் முன்பே அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பொடிக்காரப் பெண்ணின் நோட்டில் இனி மூன்று பத்திகள் போதும். வாரம்; அந்த வாரம் போன 200 கிராம் பாக்கெட்; திரும்பி வந்த காலிப் பாக்கெட். முதல் ஆறு வாரம் காலிப் பாக்கெட் வரும், பிறகு குறையும். அது குறைந்த பிறகும் பெரிய பாக்கெட்டின் எண்ணிக்கை 20க்கு மேலேயே நின்றால், 10 ரூபாய் தள்ளுபடி இல்லாமலே ஆட்கள் வாங்குகிறார்கள். அந்தக் கடையில் தள்ளுபடியை நிறுத்திவிட்டு, மேசையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். காலிப் பாக்கெட் நிற்கும்போது விற்பனையும் சேர்ந்து நின்றால், அடுத்த மேசைக்கு முன்னால் பார்க்க வேண்டியது பொடியின் பக்குவத்தையும் 100 ரூபாய் என்ற விலையையும்.